8 ஜிபி ரேம் போதுமா? பேஜ்ஃபைலைக் கேட்டால் தெரியும்

வில்லிவாக்கத்தில் இருக்கும் அக்கா மகன் ஒரு சனிக்கிழமை போன் செய்தான். "மாமா, கேம் நல்லாத்தான் ஓடுது, ஆனா திடீர் திடீர்னு நின்னுட்டுப் போகுது. ரிச்சி ஸ்ட்ரீட்ல கேட்டேன், கிராபிக்ஸ் கார்டு மாத்தணும்னு சொல்றாங்க. அம்மாகிட்ட எப்படிக் கேக்கறதுன்னு தெரியல."

"எதையும் வாங்காதே, நாளைக்கு வர்றேன்" என்றேன்.

அவனுடைய கணினி இரண்டாம் ஆண்டு படிக்கும் பையன்களிடம் சாதாரணமாகப் பார்க்கக் கிடைப்பதுதான். 8 ஜிபி டிடிஆர்4 ரேம், அதுவும் ஒரே குச்சி. விண்டோஸுக்கு 240 ஜிபி எஸ்எஸ்டி. விளையாட்டுகளுக்கு 1 டிபி ஹார்ட் டிஸ்க். 4 ஜிபி நினைவகம் உள்ள கிராபிக்ஸ் கார்டு. அவன் ஆடுவது ஒரு பெரிய நகரத்துக்குள் காரோட்டும் விளையாட்டு. பின்னணியில் குரோம் பதினான்கு டேபோடு திறந்திருக்கும், நண்பர்களோடு பேச டிஸ்கார்டும் இருக்கும்.

அவன் முன்னால் இருந்த வழிகள் இவை: பின்னணியில் ஓடுவதை மூடுவது, ரேம் போதாதபோது விண்டோஸ் வட்டில் பயன்படுத்தும் பேஜ்ஃபைல் என்ற கோப்பைப் பெரிதாக்குவது, பேஜ்ஃபைலை எஸ்எஸ்டிக்கு மாற்றுவது, இன்னொரு 8 ஜிபி ரேம் போடுவது, கடைக்காரர் சொன்னபடி கிராபிக்ஸ் கார்டு வாங்குவது. முதல் மூன்றுக்கும் காசு இல்லை. 2025 இறுதியில் ரேம் விலை ஏறிய பிறகு நான்காவதும் யோசித்துச் செய்ய வேண்டிய செலவாகிவிட்டது. ஐந்தாவது எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு.

முதலில் எண்ணைப் பார்த்தோம். திரையின் மூலையில் செகண்டுக்குச் சராசரி 56 ஃப்ரேம் என்று காட்டியது. "பார்த்தியா மாமா, 60க்கு 56 வருது, ஆனா ஆட முடியல" என்றான். இதில் முரண் எதுவும் இல்லை. ஒரு நிமிடம் ஓடவிட்டு ஃப்ரேம் நேர வரைபடத்தைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். கோடு 17 மில்லிசெகண்டில் தட்டையாக ஓடுகிறது, நடுநடுவே பனைமரம் மாதிரி 200 மில்லிசெகண்டுக்கு எழும்புகிறது. அந்த நிமிடத்தில் இருபது பனைமரங்கள் என்று வையுங்கள். இருபது தடவை 200 மில்லிசெகண்டு என்றால் மொத்தம் 4 செகண்டு. மீதி 56 செகண்டில் செகண்டுக்கு 60 வீதம் 3360 ஃப்ரேம். மொத்தம் 3380 ஃப்ரேமை 60 செகண்டால் வகுத்தால் 56 வருகிறது. சராசரி அந்த நாலு செகண்டை விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டது. அதே நிமிடத்தின் மிக மோசமான நூற்றில் ஒரு பங்கை, அதாவது 34 ஃப்ரேமை மட்டும் எடுத்துச் சராசரி பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 125 மில்லிசெகண்டு, அதாவது செகண்டுக்கு 8 ஃப்ரேம். பையன் கண் பார்த்தது இந்த எட்டை.

மெதுவாக ஓடுவது வேறு, திணறுவது வேறு. கிராபிக்ஸ் கார்டுக்குத் தெம்பு போதவில்லை என்றால் எல்லா ஃப்ரேமும் தாமதமாகும், கோடு முழுவதுமே 30, 35 என்று மேலே ஏறி நிற்கும். இங்கே அப்படி இல்லை. இடைப்பட்ட நேரமெல்லாம் கணினி முழு வேகத்தில்தான் ஓடுகிறது. எதற்கோ காத்துக்கொண்டு அவ்வப்போது நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். எதற்குக் காத்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

ரேமை வீட்டுச் சமையல் மேடை என்று வைத்துக்கொண்டால் பேஜ்ஃபைல் பரண். மேடையில் இடம் போதாதபோது, கொஞ்ச நாளாகத் தொடாத பாத்திரத்தைப் பரணில் ஏற்றிவைக்கிறோம். விண்டோஸும் அதையே செய்கிறது. நினைவகத்தை 4 கேபி பக்கங்களாகப் பிரித்து, சமீபத்தில் தொடாதவற்றை முதலில் ரேமுக்குள்ளேயே சுருக்கிவைத்துப் பார்க்கும். அதுவும் போதாவிட்டால் `pagefile.sys` கோப்பில் எழுதிவிட்டு ரேமைக் காலி செய்யும். தொடாத பக்கம் அங்கேயே கிடக்கும்வரை யாருக்கும் நஷ்டமில்லை. விளையாட்டு ஒரு தெருவில் திரும்பி, பரணில் ஏற்றிய பக்கத்தையே கேட்கும்போதுதான் வினை. அந்தப் பக்கம் வட்டிலிருந்து வந்து சேரும்வரை கேட்ட வேலை அப்படியே நிற்கும். இதை ஹார்ட் ஃபால்ட் என்பார்கள்.

ரேமிலிருந்து ஒன்றை எடுக்க ஒரு மில்லிசெகண்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போதும். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்கில் ஊசி இடம் மாற எட்டு ஒன்பது மில்லிசெகண்டு, தட்டு பாதி சுற்றிவர நான்கு, ஆக ஏறக்குறைய 12 மில்லிசெகண்டு. 60 ஃப்ரேம் வேகத்தில் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் மொத்த நேரமே 16.7 மில்லிசெகண்டு. ஆக, ஒரே ஒரு ஃபால்ட் முக்கால் ஃப்ரேமைத் தின்றுவிடுகிறது. ஒன்றையடுத்து ஒன்றாகப் பதினாறு வந்தால் அதுதான் நம் 200 மில்லிசெகண்டு பனைமரம்.

பையனின் கணினியில் இது இன்னும் மோசம், ஏனென்றால் பேஜ்ஃபைலே D: டிரைவில், அதாவது ஹார்ட் டிஸ்கில் இருந்தது. எஸ்எஸ்டி தேயக்கூடாது என்று ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து மாற்றியிருக்கிறான். விளையாட்டும் அதே டிஸ்கில்தான் இருக்கிறது. இரண்டும் ஒரே ஊசிக்குச் சண்டை போடுகின்றன.

இதெல்லாம் ஊகமாக இருந்துவிடக் கூடாதல்லவா? கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகி உரிமையில் திறந்து இதை ஓடவிட்டுவிட்டு, பத்து நிமிடம் ஆடச் சொன்னேன். முடிந்ததும் Ctrl+C.

```
typeperf "\Memory\Available MBytes" "\Memory\Page Reads/sec" "\Memory\Pages Input/sec" -si 1 -o ram.csv
```

செகண்டுக்கு ஒரு வரி பதிவாகும். அதில் மூன்று எண்கள்: கையில் மிச்சமுள்ள ரேம், பக்கங்களுக்காக வட்டைப் படித்த தடவைகள், அப்படி வந்து சேர்ந்த பக்கங்கள். நேர்ச்சாலையில் போகும்போது `Available MBytes` 400ஐ ஒட்டி, `Page Reads/sec` இரண்டு மூன்று. கார் புதிய தெருவில் திரும்பும்போது முதலாவது 190க்கு இறங்குகிறது, இரண்டாவது 84க்கு ஏறுகிறது, மூன்றாவது 612 காட்டுகிறது. 612 பக்கத்தை 4 கேபியால் பெருக்கினால் செகண்டுக்கு வெறும் 2.4 எம்பி. அதே நேரம் டாஸ்க் மேனேஜரில் அந்த டிஸ்க் 100 சதவீதம் காட்டிக்கொண்டு திணறுகிறது. நூறு எம்பி வேகத்தில் படிக்கக்கூடிய ஒரு டிஸ்க் இரண்டு எம்பிக்கே மூச்சு வாங்குகிறது என்றால், அது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சின்னப் பக்கங்களைத் தேடி அலைகிறது என்று பொருள். பேஜ்ஃபைல் திணறலுக்கு இதைவிட நல்ல கைரேகை கிடையாது.

ஆனாலும் ஒரு எச்சரிக்கை. `Page Reads/sec` பேஜ்ஃபைலை மட்டும் எண்ணுவதில்லை, சாதாரணக் கோப்புகளிலிருந்து நினைவகத்துக்கு வரும் பக்கங்களையும் சேர்த்தே எண்ணும். எந்தக் கோப்பு என்று தெரிந்துகொள்ள ரிசோர்ஸ் மானிட்டரில் Disk பகுதியைத் திறந்தால் கோப்பின் பெயரோடு வரும். இங்கே `D:\pagefile.sys` மேலே நின்றது, அதற்குக் கீழே விளையாட்டின் தரவுக் கோப்புகள். அந்த இரண்டாவது வரியை நான் அப்போது கவனிக்கவில்லை. பிறகு அதற்கு வட்டி கட்ட வேண்டியதாயிற்று.

சரி, வழிகளுக்கு வருவோம்.

பேஜ்ஃபைலைப் பெரிதாக்குவதுதான் பையனுக்குப் பிடித்த யோசனை. 8 ஜிபியாக இருந்ததை 24 ஆக்கிப் பார்த்தோம். திணறலில் ஒரு மயிரளவு மாற்றமும் இல்லை. பரணைப் பெரிதாகக் கட்டினால் ஏணி ஏறும் நேரம் குறையுமா? டாஸ்க் மேனேஜரில் Committed என்று இரண்டு எண்கள் இருக்கும். முன்பு 13.1/15.9 என்றிருந்தது இப்போது 13.1/31.9 ஆனது, அவ்வளவுதான். இரண்டாவது எண் ரேமும் பேஜ்ஃபைலும் சேர்ந்த உச்சவரம்பு. முதலாவது எல்லா நிரல்களும் சேர்ந்து கேட்டிருக்கும் நினைவகம். அது அந்த வரம்பைத் தொட்டால் விளையாட்டு திணறாது, செத்து விழும். அப்போது ஈவென்ட் வியூவரில் Resource-Exhaustion-Detector என்ற பெயரில் 2004 என்ற எண்ணோடு ஒரு பதிவு இருக்கும். அந்தப் பதிவு இருப்பவர்களுக்குப் பேஜ்ஃபைலைப் பெரிதாக்குவது சரியான மருந்து. இவனுக்கு அப்படி ஒரு பதிவே இல்லை. பேஜ்ஃபைலை அடியோடு எடுத்துவிட்டால் வேகம் கூடும் என்று சிலர் சொல்வதும் இதே கணக்கில் அடிபடுகிறது. 13.1 கேட்கும் இடத்தில் வரம்பு 7.9 என்றால் விளையாட்டு திறக்கவே திறக்காது.

பின்னணியில் ஓடுவதை மூடுவது வழி மட்டுமல்ல, ஒரு சோதனையும் கூட. அதனால்தான் யார் கேட்டாலும் முதலில் அதைச் செய்யச் சொல்வேன். குரோமையும் டிஸ்கார்டையும் மூடினோம். Committed 10.4க்கு இறங்கியது, பனைமரங்கள் நிமிடத்துக்கு இருபதிலிருந்து மூன்றாயின. இது ஒன்றே போதும், குற்றவாளி ரேம் பற்றாக்குறைதான் என்று சொல்ல. மூடிய பிறகும் திணறல் அப்படியே இருந்திருந்தால் ரேம் வாங்கும் பேச்சையே விட்டிருப்பேன். உதாரணமாக, காட்சியை வரையும் சின்ன நிரல்களான ஷேடர்கள் தயாராவதால் வரும் திணறல் ஒரு தெருவில் முதல் தடவை வரும், இரண்டாவது தடவை அதே தெருவில் வராது. பேஜிங் திணறல் அப்படி இல்லை. ஊரைச் சுற்றிவிட்டு வந்தால் மறுபடி வரும், ஆல்ட்-டேப் போட்டுக் குரோமைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் இன்னும் பலமாக வரும்.

ஆனால் தீர்வாக இது எவ்வளவு நாள் ஓடும்? விண்டோஸும் மற்ற சின்னச் சின்ன வேலைகளும் 3 ஜிபி, விளையாட்டு 4.5 ஜிபி, ஆக 7.5. இருப்பதே 7.9. அடுத்த அப்டேட்டில் விளையாட்டு அரை ஜிபி பெருத்தால் கதை முடிந்தது. தவிர, நண்பர்களோடு பேசாமல் ஆடு என்று சொன்னால், "அப்புறம் எதுக்கு மாமா ஆடணும்?" என்பான். நியாயமான கேள்வி.

மூன்றாவதாகப் பேஜ்ஃபைலை எஸ்எஸ்டிக்கு மாற்றினோம், குரோமும் டிஸ்கார்டும் திறந்தபடி. Win+R அழுத்தி `SystemPropertiesPerformance.exe` என்று கொடுத்து, Advanced பகுதியில் Virtual memory. D:க்கு No paging file, C:க்கு System managed size. இரண்டுக்கும் தனித்தனியாக Set அழுத்த வேண்டும், பலர் அதை மறந்துவிட்டு ஒன்றும் மாறவில்லை என்பார்கள். பிறகு ரீஸ்டார்ட்.

சாட்டா எஸ்எஸ்டியில் ஒரு பக்கம் வர ஏறக்குறைய 0.1 மில்லிசெகண்டு. ஹார்ட் டிஸ்கை விட நூறு மடங்கு வேகம். கணக்குப்படி பனைமரங்கள் புல்லாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. இருபது எட்டானது, ஆனால் அந்த எட்டும் பழைய உயரத்திலேயே நின்றன. இங்கேதான் நான் கவனிக்காத அந்த இரண்டாவது வரி பழி வாங்கியது. ரிசோர்ஸ் மானிட்டரில் இப்போது மேலே நின்றது பேஜ்ஃபைல் இல்லை, D:யில் இருக்கும் விளையாட்டின் தரவுக் கோப்புகள்.

ரேம் பற்றாக்குறை இரண்டு பக்கமும் வெட்டுகிறது. பற்றாக்குறை வந்தால் விண்டோஸ் நிரல்களின் பக்கங்களைப் பரணில் ஏற்றுவது ஒருபுறம். ஏற்கெனவே படித்த கோப்புகளைப் பின்னால் உதவும் என்று ரேமில் வைத்திருக்கிறதே, டாஸ்க் மேனேஜர் Cached என்று காட்டும் அந்தப் பகுதி, அதையும் கைவிடுவது மறுபுறம். அவை மூலக் கோப்பிலேயே இருப்பதால் பேஜ்ஃபைலில் எழுத வேண்டியதில்லை, சும்மா தூக்கிப் போட்டுவிடலாம். ஐந்து நிமிடம் முன்பு பார்த்த தெருவுக்குத் திரும்பினால் அதன் கட்டடங்களை ஹார்ட் டிஸ்கிலிருந்து மறுபடி படிக்க வேண்டும். பேஜ்ஃபைலை எங்கே வைத்தாலும் இந்தப் பாதி தீராது. பேஜ்ஃபைல் அளவை மட்டும் பார்த்து ரேம் போதுமா என்று முடிவு செய்கிறவர்கள் தவறவிடும் பாதி இது.

எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்ற பயத்துக்கும் ஒரு கணக்கு. பல 240 ஜிபி எஸ்எஸ்டிகளுக்கு எழுதும் அளவு 80 டெராபைட் என்று தயாரிப்பாளரே உறுதி சொல்கிறார். பேஜ்ஃபைலில் தினமும் 5 ஜிபி எழுதினாலும் ஆண்டுக்கு 1.8 டெராபைட்தான், அதைத் தாண்ட நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் பையனுக்கே பேரன் பிறந்துவிடுவான். ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு வேறு போக்கும் இல்லை. பேஜ்ஃபைலோடு விளையாட்டையும் எஸ்எஸ்டியில் வைப்பதுதான் அவர்கள் அடையக்கூடிய அதிகபட்சம். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப் என்றால் படம் வரையவும் இதே ரேமிலிருந்துதான் பங்கு போகும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டு விஷயத்தை ஒரு நிமிடத்தில் முடித்தோம். டாஸ்க் மேனேஜரில் GPU பகுதியில் Dedicated GPU memory 3.1/4.0. கார்டின் நினைவகம் நிரம்பவில்லை. அது 4.0ஐ ஒட்டி நின்று, Shared GPU memory என்ற எண் ஏறிக்கொண்டே போயிருந்தால் கடைக்காரர் சொன்னது சரி. அந்த வழிசலும் ரேமில்தான் வந்து விழும், திணறலும் பார்வைக்கு இதேபோல்தான் இருக்கும். வெளியிலிருந்து கேட்டவருக்கு இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது, அதனால் அவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். கணினியைப் பார்க்காமல் சொன்னதுதான் பிசகு.

மிச்சம் ரேம். டாஸ்க் மேனேஜரின் Memory பகுதியில் Slots used: 1 of 2, Speed 2666 என்று இருந்தது. அடுத்த வாரம் ரிச்சி ஸ்ட்ரீட் போய் அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 குச்சி வாங்கிப் போட்டோம். இரண்டு குச்சி என்பதால் இரட்டைச் சேனல் வேறு கிடைத்தது, அதாவது ரேமும் பிராசஸரும் பேசும் பாதை இரண்டு மடங்கு அகலமானது. அதே தெரு, அதே பதினான்கு டேப், அதே டிஸ்கார்ட். பயன்பாட்டில் 10.3 ஜிபி, `Available MBytes` 5500க்குக் கீழே இறங்கவில்லை. சராசரி 56லிருந்து 59 ஆனது. இந்த மூன்றுக்காகவா காசு கொடுத்தோம் என்று அக்கா கேட்டிருந்தால் பதில் சொல்லத் திண்டாடியிருப்பேன். வரைபடத்தில் மட்டும் பனைமரங்கள் இல்லை. முதல் தடவை ஒரு பேட்டைக்குள் நுழையும்போது மட்டும் ஒரு சின்ன இடறல், ஏனென்றால் விளையாட்டு இன்னும் ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கிறது. இரண்டாம் தடவை அதுவும் இல்லை.

பேஜ்ஃபைல் அப்போதும் ஒரு ஜிபி பயன்பாட்டில் இருந்தது. பையன் அதைக் காட்டி, "இன்னும் பத்தலையோ மாமா? 32 போட்டிருக்கணுமோ?" என்றான். பேஜ்ஃபைலில் ஏதோ கிடக்கிறது என்பது பற்றாக்குறைக்கு அடையாளம் இல்லை. காலையில் திறந்துவிட்டு மறந்துபோன ஒன்று பரணில் தூங்கினால் தூங்கட்டும். ஆடும்போது அங்கிருந்து இறக்குகிறதா என்பதுதான் கேள்வி. மறுபடி அதே கட்டளையைப் பத்து நிமிடம் ஓடவிட்டோம். `Page Reads/sec` பேட்டை மாறும்போது தவிரப் பூச்சியத்தை ஒட்டியே கிடந்தது, ரிசோர்ஸ் மானிட்டரில் `pagefile.sys` தலைகாட்டவே இல்லை. அவனுடைய மிக அதிகப் பயன்பாட்டிலும் ஐந்து ஜிபிக்கு மேல் சும்மா இருக்கிறது. 32 போட்டால் அந்த ஐந்து இருபத்தொன்றாகும், அவ்வளவுதான்.

மிச்சப்பட்ட பணத்தில் விளையாட்டுக்கு ஒரு எஸ்எஸ்டி வாங்கலாம் என்று இப்போது புதிதாக ஆரம்பித்திருக்கிறான். அந்த முதல் தடவை இடறலுக்கு அதுதான் மருந்து என்பதால் மறுக்க வாய் வரவில்லை. அக்காவிடம் மட்டும் நீயே கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டேன்.